84 சதவீதம்: ஒரு சிறுகதைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

நான் அண்மையில் எழுதி முடித்த சிறுகதை ஒரு மின்னஞ்சலில் தொடங்குகிறது. ஒரு நிறுவனத்தின் இணையதளத்துக்கு மூன்று ஆண்டுகளாகக் கட்டுரை எழுதிக் கொடுத்துவரும் சுயாதீன எழுத்தாளர் ஒருத்திக்கு, அங்கே கட்டுரைகளை வாங்கிச் சரிபார்க்கும் பொறுப்பாளரிடமிருந்து நான்கு வரிகள் வருகின்றன. "நீங்கள் அனுப்பிய கட்டுரையை எங்கள் கருவியில் சோதித்தோம். 84 சதவீதம் ஏஐ எழுதியது என்று முடிவு வந்துள்ளது. எங்கள் விதிப்படி இதற்குப் பணம் தர இயலாது. இனி உங்களுக்குப் பணி ஒதுக்கவும் இயலாது." அந்தக் கட்டுரையின் ஒவ்வொரு சொல்லையும் அவளே எழுதியிருந்தாள்.

இதை நான் மர்மக்கதையாக்க விரும்பவில்லை. அதனால் அவள் அந்தக் கட்டுரைக்காக அலைந்ததையும் அடித்துத் திருத்தியதையும் இரண்டாவது காட்சியிலேயே காட்டிவிட்டேன். அவள் உண்மையானவளா என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிடுகிறது. மனிதக் கையால் எழுதப்பட்ட ஒரு கட்டுரையைப் பார்த்து ஒரு மென்பொருள் எப்படி இந்த எண்ணுக்கு வந்தது, அந்த எண்ணுக்கு எதிராக அவளால் ஏன் எதையும் நிறுவ முடியவில்லை என்பவையே கதை முழுக்க என்னைத் துரத்திய கேள்விகள். கதைக்குள் இவற்றை விளக்க முயன்றபோதெல்லாம் நடை பாடப்புத்தகமாகிவிட்டது. வெட்டி எடுத்த அந்தப் பகுதிகளின் சாரத்தை இங்கே சொல்கிறேன்.

கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவள் எழுதிய கட்டுரையைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விபத்தின் விதை அங்கேதான் இருக்கிறது. கைபேசி பேட்டரி காலப்போக்கில் ஏன் வலுவிழக்கிறது என்பது தலைப்பு. நீளம் 1,200 சொற்கள். வேலையோடு சேர்த்து, எழுத்துத் தொழிலில் பிரீஃப் என்று சொல்லப்படும் பணிக்குறிப்பு ஒன்றும் வந்திருந்தது. தலைப்பு கேள்வியாக இருக்க வேண்டும். முதல் பத்தியிலேயே விடை வந்துவிட வேண்டும். எந்தப் பத்தியும் மூன்று வாக்கியத்தைத் தாண்டக் கூடாது. எந்த வாக்கியமும் இருபது சொல்லைத் தாண்டக் கூடாது. தேடுபொறிக்காகக் கொடுக்கப்பட்ட தொடர் துணைத்தலைப்புகளில் திரும்பத் திரும்ப வர வேண்டும். 'நான்' என்ற சொல் எங்கும் வரக் கூடாது. இறுதியில் ஐந்து கேள்வி பதில்கள் வேண்டும். அனுப்பும் முன் இலக்கணம் திருத்தும் மென்பொருளில் ஒருமுறை சரிபார்த்திருக்க வேண்டும். இணையத்துக்கு விளக்கக் கட்டுரை எழுதிப் பிழைக்கும் எவருக்கும் இப்படிப்பட்ட குறிப்பு பழகியதுதான்.

அவள் கைபேசி பழுதுபார்க்கும் ஒருவரிடம் நாற்பது நிமிடம் பேசிக் குறிப்பெடுத்தாள். முதல் வரைவில் அவருடைய பேச்சு அப்படியே ஏறியிருந்தது: "நூறு வரைக்கும் ஏத்தி, வெயில் விழுற ஜன்னலோரமாவே வெச்சிருந்தா, ரெண்டே கோடையில பேட்டரி கிழடு தட்டிரும்னு சிரிக்கிறார்." பணிக்குறிப்புக்கு ஏற்ப அவள் இதை மாற்றி எழுதினாள்: "அதிக வெப்பமும் முழு மின்னேற்ற நிலையும் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கின்றன." இரண்டும் ஒரே உண்மையைச் சொல்கின்றன; லித்தியம் அயனி பேட்டரி முழு மின்னேற்றத்தோடு சூட்டில் கிடந்தால் விரைவாக மூப்படையும் என்பது ஐயமற்ற செய்தி. ஆனால் முதல் வாக்கியத்தில் ஒரு மனிதர் இருக்கிறார், ஒரு ஜன்னல் இருக்கிறது, 'கிழடு தட்டும்' என்று யாரும் எதிர்பார்க்காத வினை இருக்கிறது. இரண்டாவது வாக்கியம் ஆயிரம் கட்டுரைகளில் ஏற்கெனவே இருக்கும் வாக்கியம். இந்த ஒரு மாற்றத்தை அவள் கட்டுரையெங்கும் நாற்பது ஐம்பது இடங்களில் செய்தாள்.

இப்போது கருவிக்கு வரலாம். சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் பெரிய மொழி மாதிரிகள் அடிப்படையில் செய்யும் வேலை, இதுவரை வந்த சொற்களை வைத்து அடுத்து வரக்கூடிய சொல்லுக்கு நிகழ்தகவு கணிப்பதுதான். 'சூரியன் கிழக்கே' என்று நிறுத்தினால் அடுத்து 'உதிக்கும்' அல்லது 'உதிக்கிறது' என்பதற்கே மிக அதிக வாய்ப்பு. 'தயங்குகிறது' என்று வந்தால் மாதிரிக்கு அது வியப்பு. ஒரு கட்டுரை முழுவதிலும் ஒவ்வொரு சொல்லும் மாதிரியை எவ்வளவு வியக்கவைத்தது என்பதைச் சராசரியாக்கினால் கிடைக்கும் அளவுக்குப் பெர்ப்ளெக்சிட்டி என்று பெயர். அளவு குறைவாக இருந்தால், சொற்கள் எதிர்பார்த்தபடியே வந்தன என்று பொருள். இதனோடு, வாக்கியத்துக்கு வாக்கியம் நீளமும் இந்த வியப்பின் அளவும் எவ்வளவு ஏறி இறங்குகின்றன என்பதையும் சேர்த்துப் பார்ப்பதுண்டு. 2023 ஜனவரியில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் எட்வர்ட் டியன் வெளியிட்ட ஜிபிடிஜீரோ என்ற கண்டறியும் கருவி இந்த இரண்டு அளவுகளையும் பொதுமக்களிடம் பிரபலமாக்கியது.

இதன் பின்னிருக்கும் ஊகம் எளியது. இயந்திரம் தனக்கு அதிக வாய்ப்புள்ள சொற்களையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும். ஆகவே அதன் எழுத்து மாதிரிக்கு வியப்பூட்டாது. மனிதர் குதித்தும் தடுமாறியும் எழுதுவார். ஆகவே அவர் எழுத்து வியப்பூட்டும். சராசரியில் இது பொய்யல்ல. ஆனால் இதில் உண்மையில் அளக்கப்படுவது எழுதியவர் யார் என்பதல்ல, எழுத்து எவ்வளவு எதிர்பார்த்தபடி இருக்கிறது என்பது மட்டுமே. எதிர்பார்த்தபடி எழுதும் மனிதரை இந்த அளவுகோலால் தனியே பிரித்தறிய வழியில்லை. அவளுடைய பணிக்குறிப்பை இந்தக் கண்ணோடு மறுபடி படித்துப் பாருங்கள். சிறிய வாக்கியம், ஒரே அளவுப் பத்தி, பழகிய சொல், திரும்பத் திரும்ப வரும் தொடர், தன்மை இடம் இல்லாமை, மென்பொருளால் வழவழப்பாக்கப்பட்ட இலக்கணம் என்று அதிலுள்ள ஒவ்வொரு கட்டளையும் வியப்பைக் குறைக்கும் கட்டளை. நிறுவனம் எதைக் கேட்டு வாங்கியதோ அதையே குற்றத்தின் தடயமாகக் காட்டும் கருவியிடம் அவள் கட்டுரையைக் கொடுத்தது. இந்தக் கதையை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இந்த ஒரு காரணத்தால்தான்.

இன்றைய கருவிகள் பலவும் இந்த இரண்டு அளவுகளோடு நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மனிதர் எழுதியவை, இயந்திரம் எழுதியவை என்று அடையாளமிட்ட ஏராளமான உரைகளைக் கொடுத்துப் பயிற்றுவிக்கப்பட்ட வகைப்படுத்திகளாகவே அவை இருக்கின்றன. நீளமான, யாரும் கைவைத்துத் திருத்தாத இயந்திர உரையைக் கண்டுபிடிப்பதில் அவற்றில் சில 2023ஆம் ஆண்டுக் கருவிகளைவிட வெகுவாக முன்னேறியிருக்கின்றன. ஆனால் வகைப்படுத்தி தான் பழகிய எழுத்து வகையிலேயே நன்றாக வேலைசெய்யும். அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2025 ஏப்ரலில் வொர்க்கேடோ என்ற நிறுவனத்தின்மீது எடுத்த நடவடிக்கை இதற்கு நல்ல சான்று. தன் கருவி 98 சதவீதம் துல்லியமானது என்று அந்நிறுவனம் விளம்பரம் செய்திருந்தது. கருவியின் மாதிரி கல்வித்துறை எழுத்துக்காக மட்டுமே பயிற்றுவிக்கப்பட்டிருந்தது என்றும், பொதுவான உரைகளில் சோதித்தபோது அதன் துல்லியம் 53 சதவீதமே என்றும் ஆணையம் குற்றஞ்சாட்டியது. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே 50 சதவீதம் கிடைக்கும்.

மொழி மாதிரிகளைச் செய்தவர்களுக்கே இது எளிதாக இருக்கவில்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ, 2023 ஜனவரி இறுதியில் தன் சொந்தக் கண்டறியும் கருவியை வெளியிட்டது. தன் சோதனையில் அது இயந்திர உரைகளில் 26 சதவீதத்தையே சரியாகப் பிடித்தது என்றும், மனித உரைகளில் 9 சதவீதத்தைத் தவறாக இயந்திர உரை என்று குறித்தது என்றும் அந்நிறுவனமே வெளிப்படையாக அறிவித்திருந்தது. அதே ஆண்டு ஜூலையில், துல்லியம் குறைவு என்ற காரணத்தைச் சொல்லி அந்தக் கருவியை விலக்கிக்கொண்டது.

யார் அதிகமாகத் தவறாகப் பிடிபடுகிறார்கள் என்பதற்கு, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் பேட்டர்ன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு பதில் சொன்னது. ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை அவர்கள் ஏழு கருவிகளில் சோதித்தார்கள். சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகள் இயந்திரம் எழுதியவை என்று தவறாகக் குறிக்கப்பட்டன. 91இல் 89 கட்டுரைகளை ஏதாவது ஒரு கருவியாவது குற்றஞ்சாட்டியது. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளையோ அதே கருவிகள் ஏறக்குறைய பிழையின்றி மனித எழுத்து என்று கண்டுகொண்டன. இரண்டாம் மொழியில் எழுதுபவரின் சொற்கிடங்கு சிறியது, தெரிந்த, உறுதியான சொற்களையே அவர் திரும்பப் பயன்படுத்துவார், வியப்பு குறையும். ஆய்வாளர்கள் அடுத்துச் செய்தது இன்னும் கூர்மையானது. அதே டோஃபல் கட்டுரைகளை சாட்ஜிபிடியிடம் கொடுத்துச் சொற்களைச் செழுமைப்படுத்தச் சொன்னார்கள். தவறாகக் குறிக்கப்படும் விகிதம் 61இலிருந்து 12 சதவீதத்துக்கு அருகில் இறங்கிவிட்டது. சொந்தக் கையால் எழுதியவர் பிடிபட்டார். இயந்திரத்திடம் கொடுத்து மெருகேற்றியதும் தப்பினார். அந்த ஏழு கருவிகளின் எண்களை இன்றைய எல்லாக் கருவிகளுக்கும் அப்படியே ஒட்ட முடியாது. ஆனால் எளிமையான, அடக்கமான நடையே ஆபத்துக்குள்ளாகிறது என்ற போக்கை விளங்கிக்கொள்ள இதைவிடத் தெளிவான சோதனை எனக்குக் கிடைக்கவில்லை.

கதையில் அவள் அந்த 84 என்ற எண்ணையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். கட்டுரையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இயந்திரம் எழுதியது என்று பொறுப்பாளர் அதைப் புரிந்துகொண்டார். சில கருவிகளில் அந்த எண்ணின் பொருள் அதுதான். சந்தேகத்துக்குரிய வாக்கியங்களின் பங்கை அவை சொல்கின்றன. வேறு சில கருவிகளில், உரை முழுவதும் இயந்திரம் எழுதியதாக இருப்பதற்குக் கருவி தரும் நம்பிக்கை அளவே அந்த எண். இரண்டும் வெவ்வேறு செய்திகள். ஆனால் கருவி திரையில் காட்டும் சிவப்பு வட்டத்துக்குள் ஒரே மாதிரிதான் தோன்றும். நம்பிக்கை அளவு என்று எடுத்துக்கொண்டாலும், இந்த எழுத்தாளர் குற்றவாளியாக இருக்க 84 சதவீத வாய்ப்பு என்று அதற்குப் பொருளில்லை. கருவிக்கு இந்த எழுத்தாளரைத் தெரியாது. நிறுவனத்துக்கு எழுதுபவர்களில் எத்தனை பேர் இயந்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்பதும் தெரியாது. அந்த இரண்டாவது விவரம் இல்லாமல் எண்ணுக்குப் பொருளே வராது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கருவி மிக நல்ல கருவி என்றே வைத்துக்கொள்வோம்: இயந்திர உரைகளில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது, மனித உரைகளில் 2 சதவீதத்தை மட்டுமே தவறாகக் குறிக்கிறது. நிறுவனத்துக்கு வரும் 1,000 கட்டுரைகளில் 100 இயந்திரம் எழுதியவை என்றால், அவற்றில் 90 பிடிபடும். மீதி 900 மனிதக் கட்டுரைகளில் 18 பிடிபடும். குறிக்கப்பட்ட 108இல் 18 குற்றமற்றவை, அதாவது ஆறில் ஒன்று. அந்த நிறுவனத்துக்கு எழுதுபவர்கள் பெரும்பாலும் நேர்மையானவர்கள், 1,000இல் 20 கட்டுரைகள் மட்டுமே இயந்திரத்துடையவை என்றால், பிடிபடும் இயந்திரக் கட்டுரைகள் 18. தவறாகப் பிடிபடும் மனிதக் கட்டுரைகள் ஏறக்குறைய 20. குறிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேல் குற்றமற்றவர்கள். எழுத்தாளர்கள் எவ்வளவு நேர்மையாக இருக்கிறார்களோ, அவ்வளவுக்கு ஒவ்வொரு குற்றச்சாட்டும் நம்பத்தகாததாகிறது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில், மாணவர் கட்டுரைகளைச் சோதிக்கும் டர்னிட்டின் என்ற மென்பொருளின் ஏஐ கண்டறியும் வசதியை நிறுத்தியபோது ஏறக்குறைய இந்த வகைக் கணக்கைத்தான் முன்வைத்தது: முந்தைய ஆண்டில் அங்கே சோதனைக்குச் சென்ற கட்டுரைகள் 75,000, தயாரிப்பாளர் சொன்ன 1 சதவீதப் பிழையை அப்படியே ஏற்றாலும், சுமார் 750 மாணவர் கட்டுரைகள் பொய்யாகக் குறிக்கப்பட்டிருக்கும்.

இந்தக் கணக்கின் மறுபக்கம்தான் சுயாதீன எழுத்தாளருக்கு முக்கியம், அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. மாணவர் ஒரு பருவத்தில் நான்கைந்து கட்டுரைகள் கொடுப்பார். எழுதிப் பிழைப்பவள் ஆண்டுக்கு அறுபது கட்டுரைகள் கொடுக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் 2 சதவீத ஆபத்து தனித்தனியே இருந்தால், ஆண்டு முழுதும் ஒருமுறையும் பிடிபடாமல் தப்பிக்கும் வாய்ப்பு 30 சதவீதமே. 70 சதவீத வாய்ப்பு ஒருமுறையாவது பிடிபடுவதற்கு உண்டு. ஒருமுறை பிடிபட்டால் வேலை போகும் என்பது விதி. இதைத்தான் கதையில் அவள் ஒரு தாளின் ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்க்கிறாள்.

அவளுடைய பென்சில் கணக்கில் ஒரு குறை உண்டு. அதைக் கதையில் திருத்தாமல் விட்டதற்கு நான் வருந்துகிறேன். பிழைகள் எல்லோர்மீதும் சமமாகத் தூவப்படுவதில்லை. அவை நடையைப் பற்றிக்கொள்கின்றன. துள்ளலாக, சொந்த அனுபவத்தோடு எழுதுபவர் நூறு கட்டுரைகள் எழுதியும் ஒருமுறைகூடக் குறிக்கப்படாமல் போகலாம். நிதானமான, ஒழுங்கான நடைகொண்டவர் மூன்றில் ஒன்றுக்குக் குறிக்கப்படலாம். ஆகவே இரண்டாவது முறையும் பிடிபட்டுவிட்டாளே, அது எப்படித் தற்செயலாகும் என்ற வாதம் செல்லாது; முதல் முறை பிடிபடவைத்த அதே நடைதான் இரண்டாவது முறையும் பிடிபடவைக்கிறது. மூன்று கருவிகளில் சோதித்தோம், மூன்றும் ஒரே முடிவைச் சொன்னது என்பதும் மூன்று தனிச் சாட்சிகள் ஆகாது, ஏனென்றால் மூன்றும் ஏறக்குறைய ஒரே அடையாளங்களையே பார்க்கின்றன.

அவளால் ஏன் மறுக்க முடியவில்லை என்ற கேள்வி எனக்கு மிகுந்த வலி தந்த பகுதி. அவள் முதலில் செய்வது எல்லோரும் செய்வதுதான்: கட்டுரையை வேறு இரண்டு கருவிகளில் போடுகிறாள். ஒன்று 12 சதவீதம் என்கிறது, இன்னொன்று கலவை என்கிறது. அவற்றை அனுப்புகிறாள். பொறுப்பாளர் "நாங்கள் பயன்படுத்துவது இந்தக் கருவியைத்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். பார்க்கப்போனால் அவர் சொல்வதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. மதிப்பெண்ணுக்கு எதிராக மதிப்பெண்ணை வைப்பது, மதிப்பெண்ணே தீர்ப்பு என்பதை ஒப்புக்கொள்வதாகிவிடுகிறது.

உண்மையில் பயன்படும் சான்று, எழுதிய முறையின் தடம்தான். இணைய ஆவணத்தில் நேரடியாக எழுதினால், ஒவ்வொரு திருத்தமும் நேரத்தோடு பதிவாகும். ஒரு வாக்கியம் பிறந்து, அடிபட்டு, இடம் மாறி, மறுபடி வந்ததெல்லாம் அந்த வரலாற்றில் தெரியும். ஆறு மணி நேரம் பரவிய அப்படிப்பட்ட வரலாற்றைப் போலியாக உண்டாக்குவது முடியாததல்ல, ஆனால் ஒரு கட்டுரையின் சம்பளத்துக்காக எவரும் செய்யும் வேலையல்ல. கதையில் அவளுக்கு இது கைகொடுக்கவில்லை. கவனம் சிதறாமல் இருப்பதற்காக எளிய குறிப்புச் செயலி ஒன்றில் எழுதி, முடித்தபின் முழுவதையும் ஒரே ஒட்டலில் ஆவணத்துக்கு மாற்றுவது அவள் வழக்கம். ஆவணத்தின் வரலாற்றைத் திறந்தால், வெற்றுத்தாள் ஒரு நிமிடத்தில் 1,200 சொற்களாவது தெரிகிறது. அது அவளுக்கு எதிரான சான்றாகவே தோன்றும். அதைப் பார்த்துவிட்டு அவள் அனுப்பாமல் மூடிவைக்கும் இடத்தை எழுதியபோது எனக்கும் சற்று நேரம் எழுத ஓடவில்லை.

மிச்சமிருந்தவை பழுதுபார்ப்பவரிடம் பேசியபோது எடுத்த கையெழுத்துக் குறிப்புகளும், அந்த நாற்பது நிமிட அழைப்பின் பதிவும், முதல் வரைவும். இவற்றில் முதல் வரைவே மிக வலுவானது. ஜன்னலோரமும் கிழடு தட்டுவதும் உள்ள வரைவையும், வழவழப்பான இறுதி வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் எவருக்கும் ஒரு மனிதரின் கை எப்படி வேலைசெய்தது என்பது விளங்கும். ஆனால் அதற்கு யாராவது உட்கார்ந்து படிக்க வேண்டும்.

அவள் இன்னொரு சோதனையும் செய்கிறாள். இதை எந்த எழுத்தாளரும் செய்து பார்க்கலாம், ஆனால் ஓர் எச்சரிக்கையோடு. சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30இல்தான் பொதுமக்களிடம் வந்தது. அதற்கு முன் தான் எழுதிய கட்டுரைகளை அதே கருவியில் போட்டு, அவையும் குறிக்கப்படுகின்றனவா என்று பார்ப்பது. குறிக்கப்பட்டால், கருவி பிடிப்பது அவளுடைய நடையை என்பது தெளிவாகும். எச்சரிக்கை என்னவென்றால், இணையத்தில் நெடுநாளாகக் கிடக்கும் உரைகளை மொழி மாதிரிகள் பயிற்சியின்போதே படித்திருக்கக்கூடும்; படித்த உரை வியப்பூட்டாது. அமெரிக்க அரசியல் சாசனத்தைச் சில கருவிகள் இயந்திரம் எழுதியது என்று சொன்ன செய்தி 2023இல் பரவலாகப் பேசப்பட்டது. அதன் காரணம் இதுதான். எண்ணற்ற இடங்களில் நகலெடுக்கப்பட்ட அந்த உரையை மாதிரி ஏறக்குறைய மனப்பாடமாக அறிந்திருக்கிறது. எனவே பழைய வெளியான கட்டுரையைவிட, வெளியாகாமல் பெட்டிக்குள் கிடக்கும் பழைய வரைவே நேர்மையான சோதனைப்பொருள். அவள் 2019இல் எழுதி, வாங்கிய நிறுவனம் மூடப்பட்டதால் வெளிவராமல் போன ஒரு கட்டுரையைத் தேடி எடுக்கிறாள். கருவி 71 என்கிறது.

இவ்வளவும் இருந்தும் பொறுப்பாளர் ஏன் மனம் மாறவில்லை? அவரைக் கெட்டவராக்கினால் கதை எளிதாகியிருக்கும், உண்மை தவறியிருக்கும். இயந்திரக் கட்டுரைகள் மலிந்தால் தேடுபொறியில் தளம் கீழே போய்விடும் என்ற அச்சம் அவருக்கு மேலே இருப்பவர்களுக்கு உண்டு. கூகுள் 2023 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல், உள்ளடக்கம் எப்படி உருவானது என்பதைவிட அதன் தரத்தையே பார்ப்போம் என்றுதான் சொன்னது; 2024 மார்ச்சில் வந்த புதிய விதியும், தரவரிசைக்காக மட்டும் பெருமளவில் உற்பத்தி செய்யப்படும் பயனற்ற பக்கங்களை, அவற்றை எழுதியது மனிதரா இயந்திரமா என்று பாராமல், குறிவைத்தது. ஆனால் அச்சம் விதியின் வாசகத்தைப் படிப்பதில்லை. ஒரு நாளைக்கு இருபது கட்டுரைகளைப் பார்க்கும் ஒருவருக்கு, எண்ணைப் பார்ப்பதற்குப் பத்து விநாடி போதும். வரைவுகளை ஒப்பிட ஒரு மணி நேரம் வேண்டும். எண்ணை மீறி ஒருவரை வைத்துக்கொண்டு பின்னால் தவறானால் அவர் பதில் சொல்ல வேண்டும். எண்ணைக் காட்டி ஒருவரை நீக்கினால் யாரும் அவரைக் கேட்கப்போவதில்லை. சுயாதீன எழுத்தாளருக்கு விசாரணையும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. மாணவருக்காவது பல இடங்களில் ஒரு குழுவின் முன் பேச வாய்ப்பு உண்டு.

கதையின் கடைசிக் காட்சியில் அவளுக்குப் புதிய நிறுவனம் ஒன்றிடமிருந்து வேலை வருகிறது. பணிக்குறிப்பின் இறுதியில், கண்டறியும் கருவியில் மதிப்பெண் 10 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. அன்றிரவு அவள் தன் பேட்டரிக் கட்டுரையை எடுத்து, மதிப்பெண்ணைக் குறைக்க முயன்று பார்க்கிறாள். ஒரு வாக்கியத்தைத் தேவையில்லாமல் நீட்டுகிறாள். பொருத்தமான சொல்லை எடுத்துவிட்டுச் சற்றுத் தள்ளியுள்ள சொல்லை வைக்கிறாள். தெளிவாக இருந்த ஒரு விளக்கத்தை நடுவில் உடைக்கிறாள். எண் 84இலிருந்து 40க்கும், பின்பு 9க்கும் இறங்குகிறது. செய்தியில் ஒன்றும் மாறவில்லை, எழுதியவர் மாறவில்லை, கட்டுரை மட்டும் முன்பைவிட மோசமாகியிருக்கிறது. இதே சிறு மாற்றங்களை இயந்திரக் கட்டுரையில் செய்தாலும் எண் இறங்கும் என்பதால், ஏமாற்ற நினைப்பவருக்கு அந்த வரி தடையே அல்ல.

அவள் அந்த வடிவத்தைச் சேமிக்காமல் மூடுகிறாள். புதிய நிறுவனத்துக்கு எழுதும் பதிலில், வேலையை ஏற்கும் முன் மூன்று திருத்தங்கள் கேட்கிறாள்: மதிப்பெண் மட்டுமே காரணமாகப் பணம் நிறுத்தப்படக் கூடாது, சந்தேகம் வந்தால் வரைவுகளையும் குறிப்புகளையும் கேட்டுப் பார்க்க வேண்டும், எந்தக் கருவி, எந்தப் பதிப்பு என்பதைப் பெயரோடு சொல்ல வேண்டும். பிறகு இணைய ஆவணம் ஒன்றைப் புதிதாகத் திறந்து, இம்முறை ஒட்டாமல், முதல் சொல்லிலிருந்து அதிலேயே தட்டச்சு செய்யத் தொடங்குகிறாள். நிறுவனத்தின் பதில் வந்ததா என்பதை நான் எழுதவில்லை.